தோலுக்கடியில் இடம் மாறும் வீக்கம்: நாத்தோஸ்டோமா புழு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாய்லாந்து, லாவோஸ், மியான்மர் பக்கம் வேலைக்கோ சுற்றுலாவுக்கோ போய் வந்தவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களின் தொகுப்பு இது. இந்த நோயை அதிகம் பார்த்ததும் அதிகம் ஆராய்ந்ததும் தாய்லாந்துதான் என்பதால் எடுத்துக்காட்டுகளும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன.

நாத்தோஸ்டோமான்னா என்ன? குழந்தைங்களுக்கு வர்ற வயித்துப் பூச்சி மாதிரியா?

இல்லை. வயிற்றுப் பூச்சி குடலிலேயே தங்கி, வளர்ந்து, முட்டையிடும். நாத்தோஸ்டோமா மனித உடலில் முழுப் புழுவாக வளர்வதே கிடையாது. அதற்கு இயல்பான வீடு பூனை, நாய், புலி, சிறுத்தை போன்றவற்றின் இரைப்பைச் சுவர். 1836-ல் ரிச்சர்ட் ஓவன் இதை முதலில் விவரித்ததும் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் இறந்த ஒரு புலியின் இரைப்பையில் கண்டுதான். மனிதருக்கு வந்த முதல் நிகழ்வு 1889-ல் பதிவானது. அவர் பாங்காக்கைச் சேர்ந்த ஒரு பெண்.

மனித உடலுக்குள் நுழைவது புழுவின் இளம்பருவம், அதாவது லார்வா. நீளம் மூன்று, நான்கு மில்லிமீட்டர் இருக்கும். தலை சிறு குமிழ் போல உருண்டிருக்கும், அதைச் சுற்றி வரிசை வரிசையாக நுண்ணிய கொக்கிகள். உடம்பிலும் முட்கள் உண்டு. தனக்கான இரைப்பை கிடைக்காமல் இது தசைக்குள்ளும் தோலுக்கடியிலும் அலைகிறது. இந்தப் பக்கத்தில் வரும் ஏறக்குறைய எல்லாச் சிக்கலுக்கும் காரணம் அந்த அலைச்சல்தான். ஆசியாவில் மனிதருக்கு நோய் தருவது பெரும்பாலும் நாத்தோஸ்டோமா ஸ்பைனிஜெரம் என்ற இனம். மெக்சிகோவில் வேறு இனம் இருக்கிறது, அது செய்வதும் இதையேதான்.

மீனுக்குள்ள இது எப்படிப் போகுது? மீன் அழுகிப் போனதால வர்றதா?

அழுகலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. துள்ளத் துடிக்கப் பிடித்த மீனிலும் இருக்கும். நோயுள்ள பூனை அல்லது நாயின் மலத்தோடு முட்டைகள் குளத்திலோ வயல் வாய்க்காலிலோ சேர்கின்றன. ஒரு வாரம் போல ஆனதும் பொரிந்து நீந்துகின்றன. சைக்ளோப்ஸ் என்ற நீர்ப்பூச்சி அவற்றை விழுங்குகிறது. பழைய தலைமுறைக்கு இந்தச் சைக்ளோப்ஸ் தெரிந்திருக்கும்: கிணற்றுத் தண்ணீரில் இருந்துகொண்டு நரம்புச் சிலந்தி நோயைப் பரப்பியதும் இதே வகைப் பூச்சிதான்.

சைக்ளோப்ஸுக்குள் பத்து, பதினான்கு நாள் வளர்ந்த லார்வாவை மீனோ தவளையோ விழுங்கியதும், அது அவற்றின் தசைக்குள் புகுந்து தன்னைச் சுற்றி ஒரு உறை கட்டிக்கொண்டு காத்திருக்கும். அந்த மீனைப் பூனை தின்றால் சுற்று முடிந்துவிடும். கோழி, வாத்து, பாம்பு, பன்றி தின்றால் லார்வா மேற்கொண்டு வளராது, ஆனால் அவற்றின் இறைச்சியில் உயிரோடு தங்கிவிடும். அதனால் பச்சை மீனே தொடாதவர்களுக்கும், சரியாக வேகாத கோழி, பாம்பு, தவளைக் கறி வழியாக இது வந்திருக்கிறது.

எந்த மீன்ல இருக்கும்? சால்மன் சுஷி சாப்பிட்டேன், பயப்படணுமா?

இது நன்னீர் மீனின் பிரச்சினை. விரால், கெளுத்தி, சேற்றுக்குள் வளை தோண்டி வாழும் விலாங்கு போன்ற மீன் ஆகியவை முதல் வரிசை. தாய்லாந்துச் சந்தைகளில் ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சோதிப்பது இந்தச் சேற்று விலாங்கின் ஈரலைத்தான், ஏனென்றால் அதில்தான் லார்வா அதிகமாகக் கிடைக்கிறது. ஜப்பானில் இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் விரால் மீனைப் பச்சையாகத் தின்று பலருக்கு வந்தது. பிறகு 1980-களில், இறக்குமதி செய்த சிறு ஆற்றுமீன்களை உயிரோடு விழுங்கியவர்களுக்கும் வந்தது. மெக்சிகோ, பெரு, ஈக்வடார் பக்கம் பச்சை நன்னீர் மீனை எலுமிச்சையில் ஊற வைத்துச் செய்யும் செவிச்சே வழியாக வருகிறது.

கடலில் பிடித்த சூரை, கடல் பண்ணையில் வளர்த்த சால்மன் ஆகியவற்றிலிருந்து நாத்தோஸ்டோமா வருவதில்லை. கடல் மீனுக்கென்று வேறு புழுக்கள் உண்டு, அவற்றின் கதை வேறு. கவனிக்க வேண்டியது, சுஷி என்ற பெயரில் உள்ளூர் ஏரி மீனைப் பரிமாறும் இடங்களை.

எலுமிச்சை பிழிஞ்சு ஊற வச்சா மீன் வெள்ளையா வெந்துடுதே, அது போதாதா?

போதாது. பலர் ஏமாறுவது இங்கேதான். எலுமிச்சையின் புளிப்பு மீனின் புரதத்தைத் திரைய வைப்பதால் சதை வெளுத்து, வெந்தது போலத் தெரியும். லார்வாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எலுமிச்சைச் சாற்றில் அது ஐந்து நாள் வரை உயிரோடு இருந்ததைச் சோதனையில் பார்த்திருக்கிறார்கள். உணவகத்தில் பத்து நிமிடம் ஊறும் மீனில் என்ன நடக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மிளகாய், பூண்டு, கூடக் குடிக்கும் மது எதுவும் இதைக் கொல்லாது. வினிகரில் ஆறு மணி நேரமும் சோயா சாஸில் பன்னிரண்டு மணி நேரமும் முழுக வைத்தால் செத்துவிடும் என்கிறார்கள். ஆனால் அது லார்வாவை அப்படியே திரவத்தில் போட்ட கணக்கு. தடித்த துண்டின் நடுவில் இருக்கும் லார்வாவுக்கு அதை நம்பிப் பொருத்தக் கூடாது.

நம்பக்கூடியவை இரண்டு. ஒன்று வெப்பம்: துண்டின் நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். நம் வீட்டுக் குழம்பு தளதளவென்று ஐந்து நிமிடத்துக்கு மேல் கொதித்தால் அந்தக் கவலை இல்லை. இன்னொன்று உறைய வைப்பது: மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள். வீட்டு ஃபிரிட்ஜின் மேல் அறை பல நேரம் அந்தக் குளிருக்குப் போவதில்லை, அடிக்கடி திறந்து மூடினால் இன்னும் மோசம். நேற்று வாங்கி ஃப்ரீசரில் வைத்து இன்று பச்சையாகச் சாப்பிடுவது பாதுகாப்பு ஆகாது.

சாப்பிட்டு ஒரு மாசம் ஆச்சு. அப்போ ஒண்ணும் ஆகல. இப்போ வர்ற வீக்கத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

அந்த இடைவெளிதான் இந்த நோயின் அடையாளமே. விழுங்கிய லார்வா ஓரிரு நாளில் இரைப்பை அல்லது குடல் சுவரைத் துளைத்து வெளியேறி, ஈரல் வழியாகப் போகும். அந்தச் சமயம் மேல்வயிற்று வலி, குமட்டல், லேசான காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு வரலாம். நிறைய பேருக்கு அதுவும் வராது, வந்தாலும் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுவார்கள்.

பிறகு மூன்று, நான்கு வாரம் அமைதி. அதற்குள் லார்வா தசைக்கும் தோலடிக்கும் வந்து சேர்ந்திருக்கும், முதல் வீக்கம் அப்போதுதான் தெரியும். சிலருக்கு இது மாதக்கணக்கில் தள்ளிப்போகும், ஆண்டுகள் ஆனதும் உண்டு. அதனால் டாக்டர் “என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டால் போன வாரச் சாப்பாட்டைச் சொல்லி நிறுத்தாதீர்கள். கடந்த ஓராண்டில் எந்த ஊரில் என்ன பச்சையாகச் சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இது சாதாரண கட்டியா, அலர்ஜியா, இந்தப் புழுவான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

இந்த வீக்கத்துக்குக் கூர்மையான முனை கிடையாது, சீழ் வைக்காது. ஒரு பகுதி மொத்தமாகத் தடித்து, லேசாகச் சிவந்து, சூடாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் குழி விழாது. அரிப்பு, எரிச்சல், இழுத்துப் பிடிக்கும் வலி எல்லாம் கலந்து இருக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் தானாக வடியும், பிறகு வேறோர் இடத்தில் கிளம்பும். வயிறு, விலா, முதுகு, தொடை, கை, முகம் எங்கும் வரலாம். லார்வா மணிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நகரக்கூடியது. அது கடந்துபோன வழியில் சுரந்தவற்றுக்கும் ஏற்பட்ட காயத்துக்கும் உடம்பு காட்டும் எதிர்ப்பே வீக்கம். அதனால் வீக்கத்தின் நடுவில்தான் புழு இருக்கிறது என்று நினைக்க வேண்டாம், அது ஏற்கெனவே தாண்டிப் போயிருக்கலாம்.

பால்பாயின்ட் பேனாவால் வீக்கத்தின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, தேதி நேரத்தோடு புகைப்படம் எடுங்கள். காலையும் மாலையும் அப்படியே செய்யுங்கள். ஒவ்வாமைத் தடிப்பு பெரும்பாலும் ஒரு நாளுக்குள் மறையும். பாக்டீரியாவால் வரும் தோலடி அழற்சி இருந்த இடத்திலிருந்து பரவும், மறைந்துபோய் இன்னொரு பக்கம் முளைக்காது. கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடந்து வரும் கொக்கிப் புழுத் தடம் தோலின் மேல்பரப்பில் மெல்லிய நூல் போல வளைந்து வளைந்து, நாளுக்குச் சில மில்லிமீட்டர்தான் ஊரும். நாத்தோஸ்டோமாவும் சில சமயம் மேலே வந்து அப்படி ஒரு கோடு போடும், ஆனால் அந்தக் கோடு தடித்திருக்கும், வேகமாக நீளும். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் இருந்தவர்களுக்கு லோவா லோவா என்ற புழுவாலும் இடம் மாறும் வீக்கம் வரும். ஆகவே ஆப்பிரிக்கப் பயணத்தை டாக்டரிடம் மறைக்காதீர்கள், ஏன் என்பது மாத்திரை பற்றிய பதிலில் வருகிறது.

வீக்கம் தானா வத்திடுச்சு. புழு செத்துப் போச்சுன்னு அர்த்தமா?

பெரும்பாலும் இல்லை. அது ஆழமாகப் போய்விட்டது, அல்லது ஓய்ந்திருக்கிறது. வீக்கம் வற்றுவது உங்கள் உடம்பின் அழற்சி அடங்கியதைத்தான் காட்டும். நாளாக ஆக வீக்கங்கள் சிறியதாகும், இடைவெளி நீளும், அதனால் சரியாகி வருகிறது என்றே தோன்றும். சிகிச்சை இல்லாமல் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் வரை லார்வா உயிரோடு இருந்த நிகழ்வுகள் உண்டு.

நடுவில் கொடுத்த ஏதோ ஒரு மருந்துக்குப் பெயர் போவதும் இதனால்தான். ஆன்டிபயாடிக் கொடுத்த ஐந்தாம் நாள் வடிந்தால் ஆன்டிபயாடிக் கேட்டது என்பார்கள், அலர்ஜி மாத்திரைக்கும் அப்படியே. அடுத்த மாதம் இன்னொரு பக்கம் வீங்கும்போது வேறு டாக்டரிடம் போவதால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆள் இருப்பதில்லை.

மல டெஸ்ட் ரெண்டு தடவை எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சு. அப்போ புழு இல்லைதானே?

மனிதருக்குள் இது முட்டையிடுவதில்லை என்று முதல் பதிலிலேயே பார்த்தோம். முட்டையே இல்லாதபோது மலத்தில் என்ன கிடைக்கும்? இந்த நோய்க்கு மலப் பரிசோதனை உதவாது. மற்றக் குடற்புழுக்கள் இருக்கின்றனவா என்று பார்க்க மட்டும் அது பயன்படும்.

முதலில் பார்க்க வேண்டியது ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளணு வகையின் எண்ணிக்கை. ஆரம்ப மாதங்களில் இது தாறுமாறாக ஏறும், வெள்ளணுக்களில் பாதிக்கு மேல் ஈசினோபில் இருந்ததும் உண்டு. ஆனால் லார்வா ஓரிடத்தில் அடங்கியிருக்கும் காலத்தில் எண்ணிக்கை இயல்பாகவே இருக்கலாம். ஆகவே ஏறியிருந்தால் சந்தேகம் வலுக்கும், ஏறாவிட்டால் சந்தேகம் தீர்ந்தது என்று ஆகாது. வீக்கம் இருக்கும் நாளிலேயே ரத்தம் கொடுப்பது நல்லது.

உறுதிப்படுத்த இம்யூனோபிளாட் என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. லார்வாவின் 24 கிலோடால்டன் எடையுள்ள புரதத்துக்கு எதிராக உங்கள் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று அது பார்க்கும். எல்லா லேபிலும் கிடைக்காது. பாங்காக்கின் மஹிதோல் பல்கலைக்கழகம் இதில் பெயர்பெற்றது, வெளிநாடுகளிலிருந்தும் அங்கே மாதிரி அனுப்புகிறார்கள். மிக ஆரம்பத்தில் எடுத்தால் எதிர்ப்பொருள் உருவாகாமல் நெகட்டிவ் வரலாம், சில வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும். லேப் வசதி இல்லாத இடத்தில், இடம் மாறும் வீக்கம், ஈசினோபில் ஏற்றம், பச்சை நன்னீர் மீன் சாப்பிட்ட வரலாறு மூன்றும் சேர்ந்தால் டாக்டர்கள் சிகிச்சையைத் தொடங்குவது வழக்கம்.

ஒரு ஆளுக்கு ஆரம்பத்துல இருந்து முடிவு வரை இது எப்படிப் போகும்னு சொல்ல முடியுமா?

நோயாளிகளிடம் வழக்கமாகக் காணும் போக்கை வைத்து அமைத்த ஓர் எடுத்துக்காட்டு இது, குறிப்பிட்ட யாரையும் பற்றியதல்ல. எடை 60 கிலோ உள்ள ஒருவர் தாய்லாந்தின் வடகிழக்கில் கோய் பிளா சாப்பிடுகிறார். நறுக்கிய பச்சை ஆற்றுமீனில் எலுமிச்சையும் வறுத்த அரிசிப் பொடியும் கலந்த உணவு அது. இரண்டாம் நாள் வயிற்று வலி, கொஞ்சம் தடிப்பு, மறுநாள் சரியாகிறது. 26-ம் நாள் வலது வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்த வீக்கம். தோலடி அழற்சி என்று ஆன்டிபயாடிக் தருகிறார்கள், 35-ம் நாள் வடிகிறது. 52-ம் நாள் அதே பக்கம் விலாவுக்குக் கீழே. 75-ம் நாள் தொடையில்.

தொடை வீக்கத்தோடு போகும்போதுதான் ரத்தம் எடுக்கிறார்கள். வெள்ளணு 11,000, அதில் ஈசினோபில் 32 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் 3,520 வருகிறது. இயல்பு 500-க்குள். ரிப்போர்ட்டில் சதவீதத்தை மட்டும் பார்க்காமல் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்ப்பது நல்லது. இம்யூனோபிளாட்டில் 24 கிலோடால்டன் பட்டை தெரிகிறது. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் காலை, இரவு, 21 நாள், மொத்தம் 42 மாத்திரை. மாத்திரை தொடங்கிய 12-ம் நாள் தொடையில் மிளகு அளவு சிவந்த முடிச்சு ஒன்று எழுகிறது. அதை மரப்பு ஊசி போட்டுச் சுற்றித் தோலோடு வெட்டி எடுக்கிறார்கள். உள்ளே மூன்று மில்லிமீட்டர் லார்வா, நுண்ணோக்கியில் தலையில் நான்கு வரிசைக் கொக்கிகள். அடுத்த மாதம் ஈசினோபில் 900, மூன்றாம் மாதம் 400. இவருக்கு அதிர்ஷ்டம் இருந்தது என்றே சொல்ல வேண்டும், முடிச்சு எழுந்து புழு கையில் கிடைப்பது எல்லாருக்கும் நடப்பதில்லை.

பூச்சி மாத்திரை ஒண்ணு போட்டா போகாதா? எதுக்கு 21 நாள்?

பள்ளியில் தரும் ஒற்றை அல்பெண்டசோல் குடலுக்குள் இருக்கும் புழுவுக்கானது. இங்கே புழு இருப்பது தசையில், மருந்து ரத்தத்தில் ஏறி அங்கே போய்ச் சேர வேண்டும். அதற்காகத்தான் 400 மில்லிகிராம் நாளுக்கு இரண்டு வேளை, 21 நாள். வெறும் வயிற்றில் போட்டால் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். நெய், எண்ணெய், முட்டை என்று ஏதாவது கொழுப்பு உள்ள சாப்பாட்டோடு போட்டால் பல மடங்கு ஏறும். காலையில் வெறும் டீயோடு போட்டு 21 நாளையும் வீணடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

மாற்று மருந்து ஐவர்மெக்டின். உடல் எடையில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், ஒரு நாள் அல்லது அடுத்தடுத்து இரண்டு நாள். 60 கிலோவுக்கு வேளைக்கு 12 மில்லிகிராம். இரண்டில் எது மேல் என்று தெளிவான வேறுபாடு இல்லை.

இரண்டையும் கடையில் நீங்களாகவே வாங்கிப் போட வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் உண்டு. அல்பெண்டசோல் மூன்று வாரம் ஓடும்போது ஈரலையும் ரத்த அணுக்களையும் நடுவில் சோதிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இது கூடாது, மருந்துக் காலத்தில் கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். மூளையில் நாடாப்புழுக் கட்டி இருப்பது தெரியாமல் போட்டால் வலிப்பு வரலாம், ஆகவே முன்பு வலிப்பு வந்தவர்கள் சொல்லிவிட வேண்டும். ரத்தத்தில் லோவா லோவா அதிகம் இருப்பவருக்கு ஐவர்மெக்டின் கொடுத்தால் மூளை பாதிக்கப்படலாம். மேலே ஆப்பிரிக்கப் பயணத்தைச் சொல்லச் சொன்னது இதற்குத்தான்.

மாத்திரை ஆரம்பிச்ச பிறகு வீக்கம் அதிகமாயிடுச்சு. நிறுத்திடலாமா?

டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். அல்பெண்டசோல் போடும்போது லார்வா ஆழத்திலிருந்து தோலின் மேற்பரப்பை நோக்கி நகர்வது தாய்லாந்தில் பலமுறை பார்க்கப்பட்ட ஒன்று. புதிதாக ஒரு சிறு முடிச்சோ நெளிந்த கோடோ எழுந்தால் அது கெட்ட செய்தி ஆகாது, புழுவை வெட்டி எடுக்கக் கிடைத்த வாய்ப்பு. அன்றைக்கே போய்க் காட்டுங்கள், இரண்டு நாள் விட்டால் அது மறுபடி இறங்கிவிடும். ஆனால் தலைவலி, கண் மங்கல், கை கால் மரப்பு சேர்ந்து வந்தால் இது வேறு விஷயம், இரண்டு கேள்வி தள்ளிப் பாருங்கள்.

வீங்கின இடத்துலேயே கீறி எடுத்துடலாமே?

பரவலான வீக்கத்தைக் கீறினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது, காரணம் மேலே சொன்னதுதான்: புழு அங்கே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. சிறு முடிச்சாகவோ கோட்டின் நுனியாகவோ தெரியும்போது மட்டும் வெட்டுவார்கள், அதுவும் புள்ளியை மட்டும் தோண்டாமல் சுற்றியுள்ள தோலையும் சேர்த்து. வீட்டில் ஊசியால் குத்துவது, சூடு வைப்பது, புகையிலை கட்டுவது எல்லாம் புண்ணில் சீழ் வைக்கத்தான் உதவும். எடுத்த புழுவைத் தூக்கிப் போடாமல் லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள், தலைக் கொக்கிகளைப் பார்த்தால் இனமே தெரிந்துவிடும்.

கண்ணுக்கும் மூளைக்கும் போகுமாமே, உண்மையா?

உண்மை. பெரும்பாலோருக்குத் தோலோடு நின்றுவிடுகிறது, அப்படி நின்றால் உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் அது எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நரம்பு வேரின் வழியாகத் தண்டுவடத்துக்குள் நுழைந்தால், முதுகிலிருந்து கைக்கோ காலுக்கோ மின்சாரம் பாய்வது போன்ற தாங்க முடியாத வலி சில நாள் இருக்கும். அடுத்து அந்தக் கால் துவளும், சிறுநீர் அடைக்கும். மூளைக்குள் போனால் திடீரென்று கடும் தலைவலி, வாந்தி, மயக்கம் வரும். அது ஊர்ந்த வழியில் ரத்தம் கசிவதால் இளவயதுக்காரருக்கும் மூளையில் ரத்தக்கசிவு வரலாம்.

கண்ணில் வந்தால் இமை வீங்கும், கண் சிவக்கும், பார்வையில் திரை விழும். சில சமயம் கண் டாக்டர் விளக்கு வைத்துப் பார்க்கும்போதே புழு நெளிவது தெரியும். இந்தியாவிலிருந்து பதிவான நிகழ்வுகளில் கண் நிகழ்வுகள் முக்கியமானவை, 1945-லேயே ஒன்று மருத்துவ இதழில் வந்திருக்கிறது. கண்ணில் இருப்பதை அறுவை செய்து எடுப்பதே வழி. நரம்பு மண்டலம், கண் இரண்டிலும் புழு செத்தால் வரும் அழற்சியே கேடு செய்யும் என்பதால் மேலே சொன்ன மாத்திரைக் கணக்கு அப்படியே பொருந்தாது, ஸ்டீராய்டு தருவதா, புழு மருந்து தருவதா என்பதை நரம்பியல் அல்லது கண் நிபுணர்தான் முடிவு செய்வார். முகத்தில், கண்ணைச் சுற்றி, கழுத்தில் வீக்கம் வந்தால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். மேலே சொன்ன வலியோ மரப்போ தலைவலியோ வந்தால் நேராக அவசரப் பிரிவுக்கு.

21 நாள் ஒழுங்கா போட்டேன். எட்டு மாசம் கழிச்சு மறுபடி வீங்குது. மாத்திரை போலியா?

போலியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பத்தில் ஒன்பது பேருக்குக் கேட்கும் மருந்து மீதிப் பேருக்கு முதல் சுற்றில் கேட்பதில்லை. மருந்து லார்வாவை மயக்கிப் போட்டுப் பல மாதம் கழித்து அது விழித்துக்கொள்வது போலத்தான் இருக்கும். இரண்டாவது சுற்று தருவார்கள், அல்லது மற்ற மருந்துக்கு மாற்றுவார்கள். அப்போதும் கொழுப்புள்ள சாப்பாட்டு விஷயத்தை மறக்க வேண்டாம், முதல் சுற்று தோற்றதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இதனால்தான் மருந்து முடிந்த அன்றே குணம் என்று எழுதிவிடுவதில்லை. குறைந்தது ஓராண்டாவது கவனிக்க வேண்டும். ஈசினோபிலை ஒன்றாம், மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதம் போல எடுத்துப் பார்க்கலாம். இறங்கிய எண்ணிக்கை திரும்ப ஏறத் தொடங்கினால் வீக்கம் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும். இம்யூனோபிளாட் மட்டும் குணமான பிறகும் நெடுநாள் பாசிட்டிவாகவே இருக்கலாம், அதை வைத்து மருந்து தோற்றது என்று முடிவு கட்டாதீர்கள்.

வீட்டுல குழந்தை இருக்கு. ஒட்டிக்குமா? பூனையை விட்டுடணுமா?

ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொட்டாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. பூனையின் மலத்திலிருந்தும் நேரடியாக வராது, முட்டை முதலில் நீருக்கும் சைக்ளோப்ஸுக்கும் போயாக வேண்டும். பூனைக்குப் பச்சை ஆற்றுமீன் குடல் போடாமல் வேகவைத்துக் கொடுங்கள், அது போதும். உங்களோடு அதே விருந்தில் சாப்பிட்டவர்களுக்கு மட்டும் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு இன்னும் வீக்கம் வராமல் இருக்கலாம்.

நம்ம ஊர்ல விராலும் கெளுத்தியும் வாரா வாரம் சாப்பிடறோமே?

குழம்பாகவோ வறுவலாகவோ நன்றாக வேகவைத்துச் சாப்பிடும்வரை கவலை இல்லை. நாம் நன்னீர் மீனைப் பச்சையாகத் தின்னும் வழக்கம் இல்லாததே பெரிய பாதுகாப்பு. தடித்த விரால் துண்டை அவசரமாக மேலே மட்டும் முறுக வறுத்தால் நடுமுள் ஓரம் வேகாமல் இளஞ்சிவப்பாக நிற்கும். பிய்த்துப் பார்த்து, சதை வெளுத்து முள்ளிலிருந்து சுலபமாகக் கழன்றால்தான் வெந்தது.

மீன் சுத்தம் செய்பவர்கள், ஆற்றுமீனையோ தவளையையோ நாள் முழுக்க வெட்டுபவர்கள் கையுறை போடுவது நல்லது. லார்வா தோல் வழியாகவும் நுழையக்கூடும் என்பதால் இப்படிச் சொல்கிறார்கள். பச்சை மீன் வெட்டிய பலகையிலேயே வெங்காயம், தக்காளி நறுக்காதீர்கள். குளத்துத் தண்ணீரை அப்படியே குடிப்பதும் வேண்டாம், சைக்ளோப்ஸ் வழியாகவும் இது வரலாம். கொதிக்க வைத்தாலோ நெருக்கமான நெசவுத் துணியில் வடிகட்டினாலோ சைக்ளோப்ஸ் போய்விடும்.

தாய்லாந்து போறேன். மெனுவுல எதைத் தவிர்க்கணும்?

கோய் பிளா எடுத்துக்காட்டிலேயே வந்துவிட்டது. அதோடு பிளா சோம், சோம் ஃபக் இரண்டையும் பாருங்கள். இரண்டும் அரிசி, உப்பு, பூண்டு சேர்த்துச் சில நாள் புளிக்க வைத்த மீன். புளித்தாலே வெந்துவிட்டது என்று பச்சையாகவே தருவார்கள். பொரித்துக் கேட்டால் பொரித்தும் கிடைக்கும், அதைத் தாராளமாகச் சாப்பிடலாம். பச்சைக்கு அங்கே “டிப்” என்பார்கள், வெந்ததற்கு “சுக்”. ஊர் திரும்பிச் சில வாரத்தில் இடம் மாறும் வீக்கம் வந்து மறுபடி அங்கே போக நேர்ந்தால், டாக்டரிடம் “துவா ஜீட்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தப் புழுவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது, அடுத்த கேள்வியாக எப்போது, எங்கே, என்ன மீன் சாப்பிட்டீர்கள் என்றுதான் கேட்பார்.